மூன்று வாரத்தில் அனாட்டமி செமஸ்டர்: தமிழில் பேசிப் படிக்கும் குழுவுக்கான கேள்வி பதில்கள்

ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தினதை மூணு வாரத்துல படிச்சு முடிக்க முடியுமா? எனக்குப் பாதி ஞாபகமே இல்லை.

ஒரு தடவை படித்ததைத் திருப்ப மூன்று வாரம் போதும். முதல் தடவையாகப் படிக்கத்தான் போதாது. நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்று ஒரே மாலையில் தெரிந்துகொள்ளலாம். நர்சிங் முதல் செமஸ்டர் அனாட்டமியில் எங்களுக்குப் பத்து யூனிட். பத்து வெள்ளைத்தாள் எடுத்து, ஒரு யூனிட்டுக்கு ஐந்து நிமிடம் வைத்து, புத்தகம் பார்க்காமல் ஒரு படமும் தெரிந்த பெயர்களும் எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, ஏதாவது இருக்க வேண்டும். ஆறு ஏழு தாளில் ஏதாவது விழுந்தால் நேராகக் குழுவில் உட்காரலாம். சுத்தமாக வெள்ளையாக நிற்கிற யூனிட்களை மட்டும் குழு ஆரம்பிக்கும் முன் தனியாக ஒரு தடவை வாசித்துவிடுங்கள், ஏனென்றால் குழுவில் யாரும் பாடம் நடத்தப்போவதில்லை.

நான் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வந்தவள். எங்கள் ஹாஸ்டலில் ஐந்து பேர் சேர்ந்து இப்படித் திருப்பினோம். கீழே உள்ளது அந்தத் திட்டம்தான், பிறகு ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது செய்த சில மாற்றங்களோடு.

எந்த நாள் எந்த சிஸ்டம்? சிலபஸ் வரிசையிலேயே போகலாமா?

வேண்டாம். எங்கள் சிலபஸில் நரம்பு மண்டலம் கடைசி யூனிட். வரிசைப்படி போகிறவர்கள் எல்லோரும் களைத்துப்போன நாளில்தான் அங்கே வந்து சேர்வார்கள், அதுதான் இருப்பதிலேயே கடினமானது.

முதல் வாரம்: முதல் நாள் திசைச் சொற்களும் திசுக்களும். 2, 3, 4 ஆகிய மூன்று நாளும் எலும்பு, மூட்டு, தசை. 5, 6 இதயம், இரத்தக் குழாய்கள், நிணநீர். ஏழாம் நாள் புதிதாக எதுவும் கிடையாது, அந்த வாரத்துத் தப்புகள் மட்டும். இரண்டாம் வாரம்: எட்டாம் நாள் சுவாசம், 9, 10 செரிமானம், 11 சிறுநீரகம், 12, 13 நரம்பு மண்டலம், 14 மறுபடி தப்புகள். மூன்றாம் வாரம்: 15 நாளமில்லாச் சுரப்பிகள், 16 கண், காது, தோல், 17 இனப்பெருக்க உறுப்புகள். மீதி நான்கு நாளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எலும்பை முன்னால் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொன்றுக்கும் முகவரி எலும்புதான். இதயத்தின் நுனி எங்கே என்றால் இடப்பக்கம் ஐந்தாவது விலா இடைவெளி என்று சொல்கிறோம், விலா எலும்பை எண்ணத் தெரியாதவருக்கு அந்த பதிலால் என்ன பயன்? இதயம் முடிந்ததும் சுவாசம் வருவதும் அப்படித்தான், நுரையீரல் தமனியும் சிரையும் சூடு ஆறுவதற்குள் நுரையீரலுக்குப் போய்விட வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? உட்கார்ந்து என்னதான் செய்வீங்க?

இரண்டு மணி நேரம். அதற்கு மேல் நாங்கள் முயன்றபோதெல்லாம் கடைசி அரை மணி அரட்டையாகத்தான் போனது. நான்கிலிருந்து ஆறு பேர் வரை சரி.

முதல் 20 நிமிடம் பழைய தப்புகளைக் கேட்பது. அடுத்த 50 நிமிடம் இரண்டு பேர் ஆளுக்கு 25 நிமிடம் அன்றைய பகுதியைத் தமிழில் விளக்குவது, கையில் எதுவும் இல்லாமல். யார் விளக்குவது என்று உட்கார்ந்த பிறகு சீட்டுக் குலுக்கிப் போடுவோம், முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த இருவர் மட்டும்தான் படித்துவிட்டு வருவார்கள். ஒருவரிடம் மட்டும் புத்தகம் திறந்திருக்கும். அவர் வேலை, விளக்குகிறவர் விட்டதையும் தப்பாகச் சொன்னதையும் குறிப்பது, இடையில் திருத்துவதல்ல. பிறகு அரை மணி நேரம் எல்லோரும் பார்க்காமல் அதே படத்தை வரைவது. கடைசி 20 நிமிடம் ஒரு ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஆங்கிலத்தில் விடை எழுதுவது.

தப்பு நோட்டு ஒன்று பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கேள்வி, அடுத்து அவர் சொன்ன தப்பான பதில் அப்படியே, அடுத்து சரியான பதில். தப்பான பதிலை அழிக்காமல் எழுதுவது முக்கியம், எந்தச் சொல்லில் வழுக்கினோம் என்பது அதில்தான் தெரியும். ஒவ்வொரு தப்பையும் மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று மூன்று தடவை கேளுங்கள். மூன்றிலும் சரியாகச் சொன்னால் அடித்துவிடலாம்.

பரீட்சை இங்கிலீஷ்ல. தமிழ்ல பேசிப் படிச்சா எழுதும்போது மாட்டிக்க மாட்டோமா?

இந்தப் பயம் எங்களுக்கும் இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் மட்டும் படித்தபோது என்ன நடந்தது என்றால், வாக்கியம் மனப்பாடமாகிவிடும், உள்ளே ஒன்றும் இருக்காது. தமிழில் விளக்கச் சொன்னால் மனப்பாடம் செல்லாது. சொந்த வாக்கியத்தில் சொல்ல வேண்டும், புரியவில்லை என்றால் ஒரே நிமிடத்தில் வெளியே வந்துவிடும். அதனால் எங்கள் விதி இதுதான்: விளக்கம் தமிழில், உறுப்புகளின் பெயர் ஆங்கிலப் பெயரே, எழுத்துக்கூட்டலை அந்தக் கடைசி 20 நிமிட எழுத்தில் சரிபார்ப்பது.

பெயர்களை ஏன் ஆங்கிலத்திலேயே வைத்தோம் என்பதற்கு, பரீட்சையைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. நம் பேச்சுத்தமிழில் ஒரே சொல் மூன்று நான்கு உறுப்புகளுக்கு நிற்கும். வார்டில் "நரம்பு கிடைக்கலை" என்று சொன்னால் அது ஊசி போட வெயின் கிடைக்கவில்லை என்று அர்த்தம். "கழுத்து நரம்பு புடைக்குது" என்றால் அதுவும் வெயின். "குதிகால் நரம்பு இழுக்குது" என்று பாட்டி சொல்வது டெண்டன். உண்மையான நெர்வுக்கும் நரம்பு என்றுதான் பெயர். இரண்டாம் நாளே எங்கள் குழுவில் ஒருத்தி முழங்கைக்கு முன்னால் இருக்கிற குழியை விளக்கும்போது "நடுவுல ஒரு நரம்பு போகும், அதுலதான் ரத்தம் எடுப்போம், பக்கத்துல மீடியன் நரம்பு" என்று சொன்னாள். அவளுக்கு இரண்டும் வேறு என்று தெரியும், ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டுக்கும் நெர்வ் என்றே எழுதிவிட்டாள். அன்றிலிருந்து நரம்பு என்றால் நெர்வ் மட்டும், மற்றதெல்லாம் வெயின், டெண்டன் என்று முடிவு செய்தோம்.

இதுபோல இன்னும் சில. வயிறு என்று சொன்னால் அது இரைப்பையா, அப்டமன் முழுவதுமா? தொண்டை என்றால் பாரிங்ஸா, லாரிங்ஸா? கை என்றால் தோளிலிருந்து விரல் நுனி வரை நமக்கு ஒன்றுதான், அனாட்டமியில் ஆர்ம் என்பது தோளிலிருந்து முழங்கை வரை மட்டும். அதேபோல லெக் என்பது முழங்காலுக்குக் கீழே கணுக்கால் வரை, தொடை அதில் சேராது. தசைநார் என்ற சொல்லை டெண்டனுக்கும் லிகமென்டுக்கும் மாற்றி மாற்றிப் போடுகிறோம், ஒன்று தசையை எலும்போடு கட்டுவது, மற்றது எலும்பை எலும்போடு கட்டுவது. ஒரு தாளில் இந்தச் சொற்களை எழுதி அறைச் சுவரில் ஒட்டினோம். பேசும்போது யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் "எது?" என்று மற்றவர்கள் கேட்க வேண்டும். நான்கைந்து நாளில் வாய் தானாகத் திருந்திவிடும்.

ஒரு நாள் எப்படிப் போகும்னு முழுசா சொல்லுங்க. இதயத்தை எப்படி எடுத்தீங்க?

ஐந்தாம் நாள். ஹாஸ்டல் மொட்டைமாடித் தரையில் சாக்பீஸால் இதயத்தைப் பெரிதாக வரைந்தோம், நான்கு அறை, நான்கு வால்வு, இரண்டு பக்கமும் நுரையீரல். முதல் சண்டையே வலது, இடது. புத்தகப் படத்தில் இடப்பக்கம் இருப்பது இதயத்தின் வலப்பக்கம், ஏனென்றால் எதிரே நிற்கிற ஆளின் இதயத்தைத்தான் நாம் பார்க்கிறோம். எத்தனை தடவை சொன்னாலும் குழம்புகிற ஒருத்தியை அந்தப் படத்தின் மேலேயே மல்லாக்கப் படுக்கச் சொன்னோம், தலை படத்தின் மேல்பக்கமாக. அவள் வலதுகை எங்கே விழுகிறதோ அது வலது ஏட்ரியம் பக்கம். அதற்குப் பிறகு அவள் அதைத் தப்பாகச் சொல்லவே இல்லை.

பிறகு ஒருத்தி இரத்தமாக நடக்க வேண்டும். கையில் நீல சாக்பீஸ். மேல் பெருஞ்சிரை, கீழ்ப் பெருஞ்சிரை என்று இரண்டு வாசல் சொல்லி உள்ளே வந்தாள். புத்தகம் வைத்திருந்தவர் குறித்துக்கொண்டார், மூன்றாவது வாசல் விட்டுப்போச்சு. இதயத் தசையிலிருந்தே திரும்பி வருகிற இரத்தம் கரோனரி சைனஸ் வழியாக வலது ஏட்ரியத்துக்கு வருகிறது, இதை ஐந்தில் நான்கு பேர் விட்டோம். டிரைகஸ்பிட் வால்வு, வலது வென்ட்ரிக்கிள், பல்மனரி வால்வு, பல்மனரி டிரங்க். இங்கே நின்றுவிட்டாள். "இது ஆர்ட்டரிதானே, என் கையில் இன்னும் நீலம் இருக்கே?"

அந்தக் கேள்வி இருபது நிமிடம் ஓடியது, ஓடவிட்டது நல்லதாகப் போயிற்று. பள்ளியில் தமனி என்றால் சுத்த இரத்தம், சிரை என்றால் அசுத்த இரத்தம் என்று மனதில் பதிந்துவிட்டது. பெயர் வைத்தது நிறத்தை வைத்து இல்லை, போகும் திசையை வைத்து. இதயத்தை விட்டு வெளியே போவது ஆர்ட்டரி, இதயத்துக்குத் திரும்பி வருவது வெயின், அவ்வளவுதான். அசுத்தம் என்ற சொல்லையும் அன்றோடு விட்டோம், அதில் அழுக்கு எதுவும் இல்லை. ஓய்வாக இருக்கும்போது வலப்பக்கம் வந்து சேரும் இரத்தத்தில்கூட ஹீமோகுளோபினின் ஆக்சிஜன் செறிவு சுமார் 75 சதவீதம் இருக்கும். "ஆக்சிஜன் குறைந்த இரத்தம்" என்று சொல்லிப் பழகுங்கள், ஆங்கிலச் சொல்லும் நேராக அதையே சொல்கிறது.

நுரையீரலில் சிவப்பு சாக்பீஸுக்கு மாறி, பக்கத்துக்கு இரண்டு என்று நான்கு பல்மனரி வெயின் வழியாக இடது ஏட்ரியம், மைட்ரல் வால்வு, இடது வென்ட்ரிக்கிள், அயோர்ட்டிக் வால்வு, அயோர்ட்டா. ஐந்து பேரும் நடந்தோம். நடந்து முடித்தவரிடம் மற்றவர்கள் ஆளுக்கொரு கேள்வி: இடது வென்ட்ரிக்கிள் சுவர் ஏன் தடிமன்? எந்த வால்வுகளில் கார்டே டெண்டினே கயிறு இருக்கும், எதில் இருக்காது? ஏட்ரியத்துக்கும் வென்ட்ரிக்கிளுக்கும் நடுவில் உள்ள இரண்டில்தான் இருக்கும், அரைநிலா வடிவ வால்வுகளில் இருக்காது.

இன்னொன்று, தமிழ் வழியில் வந்தவர்களுக்கென்றே. பள்ளிப் புத்தகத்தில் மேலறைக்கு ஆரிக்கிள் என்று படித்திருப்போம். இப்போது படிக்கும் அனாட்டமியில் மேலறை ஏட்ரியம், ஆரிக்கிள் என்பது அதன் முன்னால் காதுமடல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற சிறு பை மட்டும். அறை என்று நினைத்து ஆரிக்கிள் என்று எழுதினால் திருத்துகிறவர் சுழித்துவிடுவார்.

அன்றைய தப்பு நோட்டில் ஆறு வரி சேர்ந்தது. மறுநாள் கேட்டபோது கரோனரி சைனஸை இரண்டு பேர் மறுபடியும் விட்டார்கள். எட்டாம் நாள் யாரும் விடவில்லை.

எலும்புப் பெயரெல்லாம் நிக்கவே மாட்டேங்குது. குறுக்குவழி வாக்கியம் ஏதாவது இருக்கா?

இருக்கிறது, ஆனால் வாக்கியம் ஞாபகம் இருந்து எலும்பு ஞாபகம் வராத நிலைதான் பெரும்பாலும். மணிக்கட்டில் எட்டு எலும்பு. அதில் தொடக்கூடியதை முதலில் தொடுங்கள். கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டினால் அதன் அடியில் இரண்டு டெண்டனுக்கு நடுவே ஒரு குழி விழும், அந்தக் குழியின் தரையில் இருப்பது ஸ்கேபாய்டு. உள்ளங்கையை ஊன்றி விழுந்தவருக்கு அங்கே அழுத்தினால் வலித்தால் அந்த எலும்பு உடைந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும், இரத்தம் பெரும்பாலும் அதன் விரல் பக்கத்து முனையிலிருந்து உள்ளே வருவதால் உடைந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டு செத்துப்போகும் ஆபத்து உண்டு. சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டு மடிப்பில் பட்டாணி மாதிரி உருள்வது பிசிபார்ம். இந்த இரண்டு தூணையும் நட்டுவிட்டால் மேல்வரிசையில் நடுவில் லூனேட், டிரைக்வெட்ரல் என்று இரண்டுதான் பாக்கி.

வைவாவில் எலும்பைக் கையில் கொடுத்து எந்தப் பக்கத்து எலும்பு என்று கேட்பார்கள். பெயர் சொன்னதோடு நிறுத்தாமல் உங்கள் உடம்பிலேயே வைத்துக் காட்டுங்கள். காரை எலும்பு என்றால், பருத்த உருண்டை முனை நடுமார்பு பக்கம், தட்டையான முனை தோள் பக்கம், உள்பக்க வளைவு முன்னால் புடைத்திருக்க வேண்டும், பள்ளம் ஓடுகிற பக்கம் கீழே. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் பொருந்துவது ஒரு பக்கத்தில் மட்டும்தான்.

அப்ளைடு கேள்வி வந்தா தடுமாறுறேன். அதுக்குத் தனியா நேரம் வேணுமா?

தனி நேரம் வேண்டாம், ஒவ்வொரு நாளும் விளக்குகிறவர் முடித்ததும் "அப்போ நர்சுக்கு இது எதுக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். தசை நாளில் எங்களுக்கு வந்தது இடுப்பு ஊசி. வீட்டில் இடுப்பு ஊசி என்று சொன்னாலும் போடுவது பிட்டத் தசையில்.

மேல் வெளிக் கால்பகுதி என்று எல்லோரும் சொல்லிவிட்டோம். சரி, எதன் கால்பகுதி? ஒரு தோழி தலையணையைக் குப்புறப் படுத்த ஆளாக நினைத்து சதைப்பிடிப்பான பாகத்தை மட்டும் நான்காகப் பிரித்தாள், புள்ளி கீழே இறங்கிவிட்டது. மேல் எல்லை இலியாக் கிரெஸ்ட், கீழ் எல்லை பிட்ட மடிப்பு, அந்த முழு அளவைத்தான் பிரிக்க வேண்டும். ஏன் இவ்வளவு கறார் என்றால், பிரிபார்மிஸ் தசைக்குக் கீழே வெளிவரும் சையாட்டிக் நெர்வ், கிரேட்டர் டிரொகாண்டருக்கும் உட்காரும் எலும்புக்கும் நடுவே இறங்குகிறது. அதில் பட்டால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கிப்போகலாம். வென்ட்ரோகுளூட்டியல் இடத்தில் இந்த ஆபத்து குறைவு: உள்ளங்கையை டிரொகாண்டர் மேல் வைத்து, ஆள்காட்டி விரல் முன்பக்க இலியாக் முள்ளில், நடுவிரலை கிரெஸ்ட் பக்கமாக விரித்தால் கிடைக்கும் முக்கோணம், கீழே குளூட்டியஸ் மீடியஸ், மினிமஸ். இதை உடை மேலேயே ஒருவருக்கொருவர் கை வைத்துக் கண்டுபிடியுங்கள், பத்து நிமிடம்தான் ஆகும்.

மூளை நரம்பு பன்னிரண்டும் குழப்புது. ரெண்டு நாள் போதுமா?

ஒரு நாள் மூளையின் பாகங்கள், தண்டுவடம். மறுநாள் முழுக்க இந்தப் பன்னிரண்டு. பட்டியலாகப் படிக்காமல் எதிரே உட்கார்ந்திருக்கிற தோழியைச் சோதியுங்கள். கண்ணை மூடச் சொல்லிக் காபித்தூள் முகரச் சொன்னால் முதலாவது. விரலை அசைத்துக் கண்ணால் தொடரச் சொன்னால் 3, 4, 6 மூன்றும் ஒன்றாக வந்துவிடும். கண்ணை இறுக்கி மூடிப் பல்லைக் காட்டினால் 7, தோளைத் தூக்கச் சொல்லி நாம் அழுத்தினால் 11, நாக்கை நீட்டினால் 12. ஏழும் ஐந்தும்தான் அதிகம் குழம்பும். முகத்தில் தொட்டால் தெரிவது ஐந்து, முகம் அசைவது ஏழு, மெல்லும் தசை மட்டும் ஐந்தோடு சேர்ந்தது.

குழுவுல ஒருத்தியே பேசிட்டே இருக்கா, ரெண்டு பேர் வாயே திறக்கறதில்லை. என்ன பண்றது?

நன்றாகப் படிக்கிறவளைப் புத்தகம் வைத்திருக்கும் இடத்தில் உட்காரவையுங்கள், அங்கே பேச அனுமதி இல்லை, குறிக்க மட்டும்தான். பேசாதவர்கள் வாயால் சொல்லத் தயங்கினால் முதலில் வரையட்டும், வரைந்த கோட்டைக் காட்டிப் பேசுவது எளிது. ஒரு நாள் வராதவர்கள் மறுநாள் முதல் 20 நிமிடக் கேள்விகளில் விட்டதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவருக்காக முழுப் பாடத்தையும் திரும்ப எடுத்தால் திட்டம் சரிந்துவிடும்.

கடைசி நாலு நாள் என்ன?

18ஆம் நாள் தப்பு நோட்டு முழுவதும், அடிக்காத வரிகள் மட்டும். எங்களுக்கு மூன்று வாரத்தில் தொண்ணூறு வரி சேர்ந்து, அன்றைக்கு இருபத்தெட்டு மிச்சம் இருந்தது, பாதிக்கு மேல் நரம்பு மண்டலம். 19 எலும்புகளும் மாதிரிகளும், லேபில் அனுமதி வாங்கி ஒரு மணி நேரம். 20ஆம் நாள் பழைய வினாத்தாள் ஒன்றை முழு நேரம் வைத்து தனித்தனியாக எழுதி, தாளை மாற்றித் திருத்துவது. படத்தில் பெயர்க்கோடு சரியான இடத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள், எங்களுக்கு அதிகம் மதிப்பெண் போன இடம் அதுதான்.

21ஆம் நாள் குழுவாக உட்கார வேண்டாம். மீதியிருக்கிற வரிகளை ஆளுக்கொரு தாளில் எழுதி எடுத்துப்போய்ப் படித்துவிட்டு, பத்து மணிக்கெல்லாம் தூங்கிவிடுங்கள்.